முகத்தின் இடத்தில் எது?

சல்மான் கான் 2006-ல் யூடியூபில் ஏற்றத் தொடங்கிய கணக்குப் பாடங்களில் அவருடைய முகம் கிடையாது. கறுப்புத் திரை, அதில் வண்ணக் கோடுகளாக வளரும் கணக்கு, கூடவே ஒரு குரல், அவ்வளவுதான். வேறு ஊரில் இருந்த உறவுக்காரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியதன் தொடர்ச்சியாக வந்த அந்தப் பதிவுகள்தான் பின்னர் கான் அகாடமியாக வளர்ந்தன. முகத்தைக் காட்டினால் கற்பவரின் கவனம் கணக்கை விட்டு நகரும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. இன்று ‘ஃபேஸ்லெஸ் சேனல்’ தொடங்க வருகிறவர்களில் பலருக்குக் காரணம் வேறு. கேமரா முன் நிற்கக் கூச்சம் இருக்கலாம், வீட்டில் அனுமதி இல்லாமல் இருக்கலாம், அரசு வேலையில் இருக்கலாம், அல்லது முகத்துக்கு வரும் வசவுகளைத் தவிர்க்க நினைக்கலாம். எல்லாமே நியாயமான காரணங்கள். ஆனால் முகத்தை எடுத்த பிறகு திரையில் ஓர் இடம் காலியாகிறது, அங்கே எதை வைக்கிறோம் என்பதுதான் அந்தச் சேனல் நிற்குமா விழுமா என்பதைத் தீர்மானிக்கிறது. வழக்கமாக அங்கே வைக்கப்படுபவை இரண்டு: ஸ்கிரீன் ரெக்கார்டிங், ஸ்டாக் ஃபுட்டேஜ். இரண்டையும் ஒரே வகைச் சரக்காக நினைத்து டைம்லைனில் அடுக்குவதுதான் பெரிய பிழை என்பது என் வாதம். ஸ்கிரீன் ரெக்கார்டிங் சொன்னதை நிரூபிக்கிறது. ஸ்டாக் ஃபுட்டேஜ் எதையும் நிரூபிப்பதில்லை. முகமில்லாத சேனலின் பலமும் வரம்பும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

முகம் இல்லாவிட்டால் பார்வையாளர் ஒட்டமாட்டார் என்ற அச்சத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 2014-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், பாட வீடியோவின் ஓரத்தில் ஆசிரியர் முகம் தெரிந்தால் என்ன ஆகிறது என்று கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவி கொண்டு பார்த்தார்கள். பார்த்தவர்கள் ஏறத்தாழ 41 சதவீத நேரத்தை முகத்தைப் பார்ப்பதில் செலவிட்டார்கள், முகத்துக்கும் பாடத்துக்கும் இடையே சில நொடிகளுக்கு ஒருமுறை கண் தாவியது. முகம் உள்ள வீடியோவே பிடித்திருக்கிறது என்றும் சொன்னார்கள். ஆனால் பாடம் எவ்வளவு நினைவில் நின்றது என்று சோதித்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அதே ஆண்டில் எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை அலசிய இன்னொரு ஆய்வு, ஸ்லைடுகளுக்கு நடுவே ஆசிரியர் முகம் வந்தால் வெறும் ஸ்லைடை விடக் கூடுதல் நேரம் பார்க்கிறார்கள் என்றது. கூடவே, கையால் எழுதிக்கொண்டே விளக்கும் கான் பாணி வீடியோ, ஸ்லைடையும் கணினி நிரல் தட்டுவதைக் காட்டும் ஸ்கிரீன் ரெக்கார்டிங்கையும் விட மக்களைப் பிடித்து நிறுத்துகிறது என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரிவது இது: முகத்துக்கு ஈர்ப்பு உண்டு. அது இல்லாத இடத்தில், கண் முன்னே ஒன்று படிப்படியாக நடந்துகொண்டிருக்க வேண்டும். திரை ரெக்கார்டிங் என்ற பெயர் மட்டும் போதாது. அசைவில்லாத ஜன்னல் ஒன்றைக் காட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் பேசினால் அதுவும் ஸ்லைடுதான்.

இதை ஒரு வீடியோவை வைத்தே பார்ப்பது நல்லது. தமிழ்நாட்டில் மனை வாங்குகிறவர் எல்லோருக்கும் தேவைப்படும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம்: பதிவுத்துறையின் tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்றைப் பார்ப்பது எப்படி, பார்த்ததை எப்படிப் படிப்பது. எட்டு நிமிட வீடியோ. முகமில்லாத சேனலுக்கு இதைவிடப் பொருத்தமான விஷயம் அதிகம் இல்லை. ஏனென்றால் இங்கே பேசுகிறவரின் முகம் எதையும் கூட்டாது, காட்ட வேண்டிய பொருள் முழுக்கத் திரையிலேயே இருக்கிறது. மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண், கடைசியாகக் கேப்ச்சா. இவ்வளவுதான் நிரப்ப வேண்டியது. பார்ப்பவர் தன் கைபேசியில் அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நம் திரையில் நடப்பது தன் திரையிலும் நடக்கிறதா என்று அந்த நிமிடமே சரிபார்க்க முடியும். சரிபார்க்க முடிகிற இந்த நிலையைத்தான் நிரூபணம் என்கிறேன். இங்கே நம்பிக்கை பேசுகிறவரின் தோற்றத்தில் இருந்து வருவதில்லை, பார்ப்பவரின் சொந்தத் திரையில் கிடைக்கும் விடையில் இருந்து வருகிறது.

பலர் முதலில் ஸ்கிரிப்ட் எழுதி, குரலைப் பதிந்து, பிறகு அதற்கேற்பத் திரையைப் பதிவு செய்கிறார்கள். இப்படி ஒரு செயல்முறையைக் காட்டும் வீடியோவுக்கு அந்த வரிசை தலைகீழாக இருப்பதே நல்லது. அரசுத் தளம் எப்போது மெதுவாகும், எந்தப் பட்டியல் திறக்க நேரமெடுக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. முதலில் பேசாமல் திரையை மட்டும் பதிய வேண்டும். மவுஸை நிதானமாக நகர்த்தி, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மூன்று நொடி நிறுத்தி, தேவையில்லாமல் வட்டம் போடாமல் செல்ல வேண்டும். பிறகு அந்தப் பதிவைப் பார்த்துக்கொண்டே ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. நிதானமாக விளக்கும் குரலில் நிமிடத்துக்கு நூறு சொல் அளவே போகும் என்று வைத்துக்கொண்டால், எட்டு நிமிடத்துக்கு எண்ணூறு சொல் போதும். அதற்கு மேல் எழுதினால் அவசரமாக வாசிக்க நேரும், அவசரம் குரலில் உடனே தெரியும். விளக்கம் நீளும் இடத்தில் அந்தத் திரையை உறையவைத்து நீட்டிக்கொள்ளலாம், தளம் யோசிக்கும் இடத்தை வெட்டிவிடலாம்.

பதிவுக்கு ஓபிஎஸ் ஸ்டுடியோ போதும், அது இலவசம். கோப்பை எம்கேவி வடிவில் பதிந்து, முடிந்ததும் அதே மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றிக்கொள்வது பாதுகாப்பு. நடுவில் மின்சாரம் போனால் சாதாரண எம்பி4 ஆகவே பதிந்த கோப்பு முழுவதும் திறக்காமல் போகலாம், எம்கேவியில் அதுவரை பதிந்தது தப்பிக்கும். இதைவிட முக்கியம் எழுத்தின் அளவு. கணினித் திரையில் வசதியாகப் படிக்க முடிகிற எழுத்து, ஆறு அங்குலக் கைபேசியில் எறும்பு ஊர்வதுபோல் ஆகிவிடும். பிரவுசரை 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பதிந்துவிட்டு, பத்து நொடித் துண்டு ஒன்றைக் கைபேசியில் போட்டு, கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பார்க்க வேண்டும். சர்வே எண் தெரியவில்லை என்றால் அந்தப் பதிவு பயன்படாது, எடிட்டிங்கில் பெரிதாக்கினாலும் எழுத்து மங்கத்தான் செய்யும். குரலுக்கு விலையுயர்ந்த மைக்கை விட அறை முக்கியம். வெறும் சுவர்களும் டைல்ஸ் தரையும் உள்ள அறையில் எந்த மைக்கும் எதிரொலியைத்தான் பிடிக்கும், துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதை நோக்கிப் பேசினால் பாதிப் பிரச்சினை தீரும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் இருந்தால் ‘ப’ போன்ற ஒலிகள் வெடிக்காது. யூடியூப் மிக உரத்த ஒலியைத் தானே குறைத்துக்கொள்ளும். மெல்லிய ஒலியை அது கூட்டித் தரும் என்று நம்பியிருக்க முடியாது. எனவே தாழ்ந்த குரலில் பதிந்துவிட்டு அப்படியே ஏற்றினால், நமக்கு முன்னும் பின்னும் ஓடும் வீடியோக்களுக்கு நடுவே நம் குரல் முனகலாகத்தான் கேட்கும்.

இனி குரலின் வேலைக்கு வருவோம். திரையில் தெரிவதையே திரும்பச் சொல்வது குரலின் வேலை ஆகாது. ‘இங்கே மாவட்டத்தைத் தேர்வு செய்யவும்’ என்று படித்துக் காட்ட ஒருவர் தேவையில்லை. பத்திரத்தில் 123/2A என்று இருந்தால் 123 என்பது சர்வே எண் கட்டத்திலும் 2A என்பது உட்பிரிவுக் கட்டத்திலும் தனித்தனியாகப் போக வேண்டும், முழுவதையும் ஒரே கட்டத்தில் போட்டால் ஒன்றும் வராது என்று சொல்வது குரலின் வேலை. அதைவிடப் பெரிய வேலை, தேடிய பிறகு ‘பதிவுகள் இல்லை’ என்று வரும்போது இருக்கிறது. பார்ப்பவர் நிம்மதியடைந்து வீடியோவை மூடப் போகும் இடம் அது. ஆனால் அந்த வெறுமைக்குப் பல காரணங்கள் இருக்கலாம். 1980-களில் நில உடைமைப் பதிவுகளை மேம்படுத்தும் திட்டத்தில் பல ஊர்களில் சர்வே எண்களும் உட்பிரிவுகளும் மாறின, பழைய பத்திரத்தில் பழைய எண்தான் இருக்கும். கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்திருக்கலாம், அப்படியானால் பழைய பதிவுகளை அங்கேதான் தேட வேண்டும். கணினியில் ஏற்றப்பட்ட காலத்துக்கு முந்தைய பதிவு என்றால் அலுவலகத்தில் நேரில்தான் கேட்க வேண்டும். பதிவு செய்யாத ஒப்பந்தமும், பதியாத உயிலும், வாய்மொழிப் பாகப் பிரிவினையும் இந்தச் சான்றில் வரவே வராது. திரை ‘இல்லை’ என்கிறது. அந்த ‘இல்லை’ எதுவரை செல்லும் என்று குரல் சொல்கிறது. இந்த ஒரு நிமிடம்தான் இந்த வீடியோவை, இதே தலைப்பில் இருக்கும் மற்ற வீடியோக்களிலிருந்து பிரிக்கிறது. இந்த ஒரு நிமிடத்தை எழுதத் தெரிந்தவரே இந்தச் சேனலை நடத்தத் தகுதியானவர் என்று நினைக்கிறேன்.

திரை நிரூபணம் ஆகும்போது அது மற்றவரின் அந்தரங்கத்தையும் வெளியே இழுத்துவரும் என்பதை மறக்கக் கூடாது. வில்லங்கச் சான்றில் எழுதிக் கொடுத்தவர் பெயர், எழுதி வாங்கியவர் பெயர், கைமாறிய தொகை எல்லாம் இருக்கும். அரசுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது உண்மைதான். ஒரு குடும்பத்தின் சொத்து விவரத்தை ஆயிரக்கணக்கானோர் முன் நிறுத்தி விளக்குவது அதிலிருந்து வேறான செயல். சொந்தச் சொத்தின் எண்ணையோ, உரியவர் சம்மதித்த எண்ணையோதான் பயன்படுத்த வேண்டும், பெயர்களை மறைக்கவும் வேண்டும். மறைப்பதற்குக் கட்டம் கட்டமாக மங்கலாக்கும் வசதியைப் பயன்படுத்துவதை விட முழுக் கறுப்புப் பட்டை போடுவது நல்லது. மங்கலாக்கிய எழுத்தைச் சில வேளைகளில் மீட்டெடுக்க முடியும், கறுப்புப் பட்டைக்கு அடியில் இருப்பதை முடியாது. ஒரு பெட்டியில் எழுத்தைத் தட்டும்போது பிரவுசர் பழைய கைபேசி எண்களையும் மின்னஞ்சலையும் தானாக நீட்டும். அதனால் பதிவுக்கென்று புதிய பிரவுசர் கணக்கு ஒன்றை வைத்துக்கொள்வதும், அறிவிப்புகளை நிறுத்திவிடுவதும் அவசியம். இன்னொரு தடையையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. வங்கிச் செயலிகளும் பணம் அனுப்பும் செயலிகள் பலவும் ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை அனுமதிப்பதில்லை, பதிவில் கறுப்புத் திரைதான் வரும். கைபேசி வங்கிச் சேவையைச் சொல்லித்தரும் சேனல் தொடங்க நினைப்பவர், காட்ட வேண்டியதையே காட்ட முடியாத நிலைக்கு வந்து நிற்பார்.

ஸ்டாக் ஃபுட்டேஜ் இந்த வீடியோவில் என்ன செய்யும் என்று பார்க்கலாம். தொடக்கத்தில் முப்பது நொடி: மனை வாங்கும் ஆசை, பத்திரம், பணம். பெக்ஸெல்ஸ், பிக்ஸாபே போன்ற இலவசக் களஞ்சியங்களில் நிலம், வீடு என்று தேடினால் பச்சைப் புல்வெளியும் ஓட்டுக் கூரையும் உள்ள அமெரிக்க வீடுகள் வரும், கோட்டு போட்டவர் சாவியை நீட்டுவார். இந்தியக் கிராமம் என்று தேடினால் வட மாநிலக் காட்சிகளே அதிகம் வரும். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் லே-அவுட் பார்க்கப் போகிறவருக்கு அந்தக் காட்சி எதையும் சொல்லாது. தமிழ்க் குரலின் கீழ் வேற்றூர் படம் ஓடும்போது பேசுகிறவருக்கு இந்த இடம் தெரியாதோ என்ற ஐயம்தான் எழும். கைபேசியில் எடுத்த பத்திரத்தின் முத்திரைத்தாள் ஓரம், சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர்ப்பலகை, மனைக்கல் ஆகிய மூன்று சொந்தப் படங்கள் அந்த முப்பது நொடிக்குப் போதும். கற்றல் பற்றிய ஆய்வில் ரிச்சர்ட் மேயர் நீண்ட காலமாகச் சொல்லிவரும் முடிவு ஒன்று இங்கே பொருந்துகிறது: பாடத்தோடு தொடர்பில்லாத சுவையான படமும் இசையும் சேர்ந்தால் கற்றல் குறைகிறது. பார்ப்பவர் சலித்துவிடுவார் என்று பயந்து ஐந்து நொடிக்கு ஒரு காட்சி மாற்றுகிறவர்கள், புரியவேண்டிய இடத்தில் புரியாமல் போக வழி செய்கிறார்கள்.

இலவசம் என்றால் எல்லாம் செய்யலாம் என்று பொருள் கொள்வது இன்னொரு சிக்கல். பெக்ஸெல்ஸ் உரிமத்தின்படி பெயர் குறிப்பிடாமல், பணம் ஈட்டும் வீடியோவிலும் காட்சியைப் பயன்படுத்தலாம். ஆனால் அடையாளம் தெரியும் மனிதரைக் கேவலப்படுத்தும் விதத்தில் காட்டக் கூடாது. ‘போலிப் பத்திரம் தயாரிக்கும் தரகர்கள்’ என்று குரல் சொல்லும்போது திரையில் யாரோ ஒருவர் கையெழுத்திடும் காட்சி ஓடினால், படம் எடுக்கச் சம்மதித்த அந்த மனிதருக்குக் குற்றவாளிப் பட்டம் கட்டியதாகிறது. கட்டணக் களஞ்சியங்களில் செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று குறிக்கப்பட்ட காட்சிகளை விளம்பர நோக்கில் பயன்படுத்த முடியாது. இசையில்தான் தொல்லை அதிகம். கன்டென்ட் ஐடி என்ற தானியங்கிப் பொருத்தம் ஒரு இசைத்துண்டை அடையாளம் கண்டதும், அந்த வீடியோவின் விளம்பர வருமானம் உரிமை கோரியவருக்குப் போகலாம். மறுப்புத் தெரிவித்தால் அவர் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. உரிமம் நம்மிடம் இருந்தாலும் அதை அப்போது நாம்தான் எடுத்துக்காட்ட வேண்டும். எனவே ஒவ்வொரு காட்சிக்கும் இசைக்கும் எங்கிருந்து, எந்த நாளில் எடுத்தது, அன்றைய உரிமம் என்ன என்று ஒரு பட்டியல் வைத்திருப்பது நல்லது. பதிவேற்றியவர் தன் காட்சியைப் பின்னாளில் நீக்கிவிடலாம், உரிம விதிகளும் மாறலாம். பிக்ஸாபே 2019-ல் அப்படித்தான் தன் உரிமத்தை மாற்றிக்கொண்டது.

பிறருடைய காட்சியை நம்பி நிற்கும் வடிவம் எவ்வளவு தூரம் வளையும் என்பதற்கு நல்ல சான்று, டோனி ஜோவும் டெய்லர் ராமோஸும் 2014-ல் தொடங்கிய ‘எவ்ரி ஃபிரேம் எ பெயின்டிங்’ சேனல். குரலும் திரைப்படத் துண்டுகளும்தான் அவர்கள் வைத்திருந்தவை. சினிமாவைப் பற்றி யூடியூபில் வந்த மிகச் சிறந்த கட்டுரைகள் அவை என்று சொல்பவர்கள் பலர், நானும் அதில் உடன்படுகிறேன். சேனலை நிறுத்தியதை விளக்கி 2017-ல் அவர்கள் எழுதியபோது ஒன்றைத் திறந்து சொன்னார்கள்: தங்கள் பாணி என்று எல்லோரும் பாராட்டிய பல முடிவுகள், கன்டென்ட் ஐடியில் மாட்டாமல் இருக்கும் வழியைத் தேடித்தேடி அமைந்தவை. எந்தத் துண்டை எவ்வளவு நேரம் காட்டலாம், ஒலியை எங்கே வெட்டலாம் என்பதையெல்லாம் அந்த இயந்திரம் நிர்ணயித்தது. தேர்ந்த திறமை இருந்ததால் அந்தக் கட்டுப்பாட்டையே அழகாக்கிக்கொண்டார்கள். அப்படி இல்லாதவர் கையில் அது வெறும் ஒளிந்து விளையாடலாக முடிகிறது.

இங்கே வலுவான ஓர் எதிர்வாதம் உண்டு. ஸ்டாக் ஃபுட்டேஜும் குரலும் மட்டும் வைத்துக்கொண்டு பெரும் பார்வையாளர்களைச் சேர்த்த சேனல்கள் இருக்கின்றனவே, வரலாறும் வணிகமும் பேசும் சேனல்கள் அப்படித்தானே வளர்ந்தன என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவற்றில் நிலைத்தவற்றைப் பார்த்தால், திரையின் பாரத்தை வேறு ஏதோ ஒன்று தாங்கியிருக்கும்: சொந்தமாக வரைந்த வரைபடம், ஆவணத்தின் நேர்ப் படம், பல வாரம் தேடி எழுதிய ஸ்கிரிப்ட். மியூனிக்கில் இருந்து 2013 முதல் வரும் குர்ட்ஸ்கசாக்ட் சேனலிலும் முகம் இல்லை, ஆனால் அதன் ஒவ்வொரு பிரேமும் அவர்கள் வரைந்தது. கிராண்ட் சாண்டர்சன் தன் கணித வீடியோக்களுக்காக அசைவூட்டும் மென்பொருளையே எழுதினார். அங்கெல்லாம் ஸ்டாக் காட்சி இருந்தாலும் மூச்சு விடுவதற்கான இடைவெளியாகத்தான் இருக்கிறது. களஞ்சியத்தில் கிடைப்பது எல்லோருக்கும் கிடைக்கிறது. அதனால் அதை மட்டும் வைத்துக் கட்டிய வீடியோவை நாளைக்கே இன்னொருவர் அதே காட்சிகளோடு செய்துவிடலாம், யார் முதலில் செய்தார் என்று பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது.

யூடியூபின் வருமான விதிகளும் இதே இடத்தில்தான் கோடு கிழிக்கின்றன. விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர்களும் கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். (ஷார்ட்ஸ் வழியாகப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு.) 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் நம் எட்டு நிமிட வீடியோவைச் சராசரியாக மூன்று நிமிடம் பார்த்தால் 80,000 பார்வைகள் தேவை. இதைத் தாண்டிய பிறகும் சேனலை மனிதர்கள் பார்த்து மதிப்பிடுகிறார்கள். சேனலின் முக்கியப் பொருள், அதிகம் பார்க்கப்பட்ட வீடியோக்கள், புதிய வீடியோக்கள், சேனல் பற்றிய குறிப்பு ஆகியவை அவர்கள் பார்ப்பவை. பிறர் எழுதியதை, இணையத்திலோ செய்தியிலோ இருந்ததை, வெறுமனே வாசித்துக் காட்டுவது தகுதி பெறாது. விளக்கமே இல்லாத படத்தொகுப்பும் பெறாது. ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரிசையாக வரும் வீடியோக்களைப் பற்றிய விதியை 2025 ஜூலையில் யூடியூப் பெயர் மாற்றி, இன்னும் தெளிவாக்கியது. நிராகரிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்தால், வீடியோவை எப்படி உருவாக்குகிறேன் என்று காட்டும் சிறு வீடியோ ஒன்றை அனுப்பலாம். வில்லங்கச் சான்று வீடியோ செய்தவரிடம் காட்ட நிறைய இருக்கும்: வெட்டப்படாத திரைப் பதிவு, திருத்தங்கள் நிறைந்த ஸ்கிரிப்ட், எடுத்த புகைப்படங்கள். பதிவிறக்கிய காட்சிகளை அடுக்கியவரிடம் இருப்பது பதிவிறக்கக் கோப்புறை மட்டும். வாரத்துக்குப் பத்து வீடியோ என்று இலக்கு வைத்து வேலை செய்கிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் விழுகிறார்கள். எண்ணிக்கை கூடக்கூட வார்ப்பு ஒன்றாவதைத் தவிர்க்க முடிவதில்லை.

அடுத்த எதிர்வாதம் நம்பகத்தன்மை பற்றியது. முகம் தெரியாத ஒருவர் சொல்வதை ஏன் நம்ப வேண்டும்? பார்ப்பவர் தானே சரிபார்க்க முடிகிற பொருளில் இந்தக் கேள்விக்குத் திரை பதில் சொல்லிவிடுகிறது. ஒரு படிவத்தை நிரப்புவது, ஒரு எக்செல் சூத்திரம், ஒரு கணக்கு, ஒரு மென்பொருளின் அமைப்பு எல்லாம் இந்த வகை. ஆனால் ஒரு மாத்திரை நல்லதா, ஒரு பங்கை வாங்கலாமா, இந்த வழக்கில் ஜெயிக்க முடியுமா என்பவற்றைப் பார்ப்பவர் அந்த இடத்திலேயே சரிபார்க்க முடியாது. அங்கே பேசுகிறவர் யார், என்ன படித்தவர் என்பதே சான்று. இந்திய விளம்பரத் தர மன்றம் 2023 ஆகஸ்ட்டில், உடல்நலம் பற்றியும் நிதி பற்றியும் விளம்பரக் கூட்டோடு பேசுகிறவர்கள் தங்கள் தகுதியை முதலிலேயே வெளிப்படுத்த வேண்டும் என்றது. பதிவு பெறாதவர் முதலீட்டு ஆலோசனை தரக் கூடாது என்பது செபியின் விதி. சந்தைக் கல்வி என்ற பெயரில் அண்மை மூன்று மாத விலைகளை வைத்துப் பேசுவதையும் 2025 ஜனவரியில் அது தடுத்தது. இந்தப் பொருள்களில் முகமில்லாத சேனலை நடத்தலாம், பெயரும் தகுதியும் இல்லாத சேனலை நடத்தக் கூடாது என்பதே என் நிலை. முகத்தை மறைப்பது ஒருவரின் விருப்பம். பொறுப்பேற்கும் ஆளை மறைப்பது பார்ப்பவருக்கு இழைக்கும் தீங்கு. நம் வில்லங்கச் சான்று வீடியோவிலும் இந்த எல்லை ஓடுகிறது. சான்றை எடுப்பதும் அதிலுள்ள பதிவுகளைப் படிப்பதும் திரையால் நிரூபிக்கக்கூடியவை. ‘இந்தச் சொத்தை வாங்கலாம்’ என்று சொல்வது வழக்கறிஞரின் வேலை, அந்த இடத்தில் குரல் நின்றுவிட வேண்டும்.

முகம் இல்லை என்பதால் ஆளே தெரியாது என்று நம்பித் தொடங்குகிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வருமானம் வரத் தொடங்கினால் கூகுளுக்கு உண்மைப் பெயர், வங்கிக் கணக்கு, வரி விவரம் எல்லாம் கொடுத்தாக வேண்டும். வீட்டு முகவரியை உறுதிசெய்ய ரகசிய எண்ணோடு அஞ்சல் வரும். குரலும் அடையாளமே. சொந்த ஊர் வட்டாரச் சாயலோடு பேசும் குரலைத் தெரிந்தவர்கள் இரண்டாவது வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கூச்சத்துக்காக முகத்தை மறைப்பவருக்கு இந்த வடிவம் உதவும். ஆபத்திலிருந்து ஒளிய நினைப்பவர் இதை நம்பி இறங்கக் கூடாது.

கடைசியாக ஒரு வரம்பு இருக்கிறது. அது நிரூபணத்தின் பலத்திலிருந்தே பிறக்கிறது. திரை உண்மையாக இருப்பதால்தான் அது பழசாகிறது. பதிவுத்துறை 2018-ல் ஸ்டார் 2.0 என்ற புதிய மென்பொருளுக்கு மாறியபோது, அதற்கு முந்தைய பக்கங்களைக் காட்டிய வழிகாட்டிகள் எல்லாம் ஒரே நாளில் பயனற்றுப் போயின. இனியும் அப்படி மாறும். யூடியூபில் ஏற்றிய வீடியோவை அதே முகவரியில் புதிய கோப்பால் மாற்ற முடியாது. ஒரு பகுதியை வெட்டலாம், மங்கலாக்கலாம், புதிய காட்சியை நடுவில் சேர்க்க முடியாது. ஆகவே மாறக்கூடிய பொத்தான்களைக் காட்டும் பகுதியையும், மாறாத அறிவைச் சொல்லும் பகுதியையும் தனித்தனி வீடியோவாகப் பிரித்துவிடுவது புத்திசாலித்தனம். சான்றை எடுக்கும் நான்கு நிமிட வீடியோவை ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் பதிய வேண்டியிருக்கும். ‘பதிவுகள் இல்லை’ என்றால் என்ன பொருள் என்று விளக்கும் வீடியோவுக்கு அந்தத் தேவை எளிதில் வராது. அப்படி மீண்டும் பதிந்தபின் பழைய வீடியோவின் தலைப்பில் அது பதிந்த ஆண்டைச் சேர்த்து, முதல் கருத்தாகப் புதிய வீடியோவின் இணைப்பைப் பின் செய்ய வேண்டும். தளம் முழுவதும் மாறிவிட்டால், பார்வைகள் இன்னும் வந்துகொண்டிருந்தாலும் பழையதைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட வேண்டும். பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இல்லாத பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பவரின் அரை மணி நேரம், நமக்கு வரும் அந்தப் பார்வை நிமிடங்களைவிட மதிப்புள்ளது.